புள்ளி தெரியாத பலகை

கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிய கடைத்தெருவில் ஒரு எண்ணெய்க் கடை இருக்கிறது. வாசலுக்கு மேலே எட்டு அடி நீளமும் இரண்டரை அடி உயரமும் உள்ள பலகை. முதலாளியின் பெயர் மேலே சின்னதாக இருக்கும். பெரிய எழுத்து மூன்று சொற்கள்தான்: செக்கு எண்ணெய் ஆலை. இந்தப் பலகை 1975-இலிருந்து இரண்டு முறை பிரஷ்ஷால் எழுதப்பட்டது. பிறகு நான்கு முறை ஃப்ளெக்ஸில் அச்சானது. பிரஷ்ஷால் எழுதியவர் என் அம்மாவின் தம்பி. ஃப்ளெக்ஸில் நான்கு முறையும் டிசைன் செய்தது நான்.

2023 மார்ச்சில் அந்தக் கடைக்கு ஐந்தாவது ஃப்ளெக்ஸ் கேட்டு முதலாளியின் மகன் என்னிடம் வந்தார். அச்சடித்துக் கொடுப்பதற்கு முன்னால், நானே அடித்த பழைய பலகையை ஒருமுறை தெருவில் நின்று பார்க்கலாம் என்று போனேன். பதினொரு வருடத்தில் அப்படிப் போய் நின்றது அதுதான் முதல் முறை. எதிர் வரிசை டீக்கடையிலிருந்து பார்த்தால் ‘எண்ணெய்’ என்பது ‘எணணெய’ என்றுதான் தெரிந்தது. இரண்டு புள்ளிகளும் கரைந்து போயிருந்தன. மாமாவை அழைத்து வந்து காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததையும், அதற்கு முன்னால் அந்தப் பலகைக்கு நடந்ததையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முப்பத்தாறு பங்கு

மாமா பதினான்கு வயதில் போர்டு எழுதக் கற்றுக்கொள்ளப் போனவர். முதல் ஒரு வருடம் பிரஷ் கழுவுவது, உப்புத்தாள் தேய்ப்பது, ஏணி பிடிப்பது. வாத்தியார் கையில் பிரஷ் கொடுத்தபோதும் எழுத்து எழுதச் சொல்லவில்லை, பலகையின் பின்பக்கத்துக்குப் பிரைமர் அடிக்கச் சொன்னாராம். முதுநகரில் பலகை கெடுவது முன்பக்கத்தில் இல்லை. கடல் காற்றின் உப்பு ஆணித் துளையிலும் தகரத்தின் ஓரத்திலும் உட்கார்ந்து, பெயிண்டுக்கு அடியில் துருவாகப் பரவும். மேலே கொப்புளம் தெரியும்போது கீழே தகரம் பாதி போயிருக்கும். அதனால் பெயிண்ட் தொடுவதற்கு முன்னால் தகரத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைப்பது, ஓரத்தை மடித்து மடிப்புக்குள்ளும் ரெட் ஆக்சைடு விடுவது என்பதெல்லாம் அவர்களுக்கு எழுத்துக்கு முந்தின பாடம்.

எழுத்து என்று வந்தால் முதலில் எண்ணிக்கை. நான் சின்னப் பையனாக இருந்தபோது மாமா தகரத்தின் முன் உட்கார்ந்து விரல் மடக்கிக் கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் என்ன கணக்கு என்று இப்போதுதான் கேட்டேன். பலகை தொண்ணூற்றாறு அங்குலம். இடதுபக்கம் செக்கு மாட்டின் படத்துக்கு ஓர் அடி, வலதுபக்கம் எண்ணெய் டின்னுக்கு ஓர் அடி. மிச்சம் எழுபத்திரண்டு அங்குலம். அதை முப்பத்தாறாகப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு இரண்டு அங்குலம். எ, ச, க, ய, ல எல்லாம் இரண்டு பங்கு. ஒற்றைக் கொம்பும் இரண்டு பங்கு. ‘கு’ மூன்று. ‘ண’வும் ‘ஆ’வும் நான்கு நான்கு.

அந்தக் கணக்குப்படி ‘செக்கு’ ஒன்பது பங்கு, ‘எண்ணெய்’ பதினான்கு. ‘ஆலை’க்கு 1975-இல் ஏழே பங்கு போதும். அப்போது ‘லை’யைத் துதிக்கை வைத்து எழுதுவார்கள். கொம்பு தனியாக முன்னால் நிற்காது, ல-வின் தலையிலேயே வளைந்து ஏறிவிடும், மூன்று பங்கில் முடிந்துவிடும். மொத்தம் முப்பது. மிச்சம் ஆறு பங்கைச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் மூன்று மூன்றாக விட்டிருக்கிறார்கள்.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் புழங்கத் தொடங்கியிருந்த வடிவங்கள் பாடப்புத்தகத்துக்கு வந்தன. போர்டு எழுதுகிறவர்களுக்கு உடனே எதுவும் மாறவில்லை. பழைய பலகையை யாரும் அதற்காக இறக்கச் சொல்லவில்லை. 1986-இல் இந்தப் பலகையை மறுபடி எழுத இறக்கியபோதுதான் முதலாளி, “பசங்க இப்ப படிக்கிற மாதிரியே போட்டுடுங்க ஆர்ட்டிஸ்ட்டு” என்று சொன்னார். வாத்தியார் அப்போது இல்லை. மாமா தனியாகச் செய்த வேலை அது.

புது ‘லை’க்கு இணைக்கொம்பு மூன்று பங்கு, ல இரண்டு பங்கு. மூன்று ஐந்தாகிவிட்டது. கூடுதல் இரண்டு பங்குக்கு எங்கே போவது? எழுத்தை ஒடுக்கினால் மற்ற எழுத்தோடு சேராது. படத்தைச் சின்னதாக்கினால் முதலாளி ஒப்பமாட்டார். சொல்லிடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். மூன்று பங்கு இடைவெளி இரண்டானது. சொற்கள் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, சாக்பீஸில் எழுதி முடித்ததும் தெருவைத் தாண்டிப் போய் நின்று பார்த்திருக்கிறார். ‘எண்ணெய்’ முடியும் ‘ய்’க்கும் ‘ஆ’வுக்கும் நடுவில் இடைவெளி இருக்கவேண்டியதைவிடக் குறைவாகத் தெரிந்தது. அளந்தால் சரியாக நாலு அங்குலம்தான். ஆனால் ஆ-வின் இடதுபுறச் சுழி உருண்டு முன்னால் வருவதால் இடைவெளியைத் தின்கிறது. ‘ய்’யை அரை அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினார். மறுபடி போய்ப் பார்த்தார். அப்புறம்தான் பிரஷ்ஷை எடுத்தார்.

சாக்பீஸில் எழுதிவிட்டுத் தெருவைத் தாண்டுவது மாமாவுக்கு ஒவ்வொரு பலகைக்கும் மூன்று நான்கு முறை நடக்கும். அதை யாரும் வேலையின் பகுதியாகக் கணக்கில் எடுத்ததில்லை. கூலி பேசும்போது அவரும் சொல்லிக் கேட்டதில்லை. டீ குடிக்கப் போகிறார் என்றுதான் கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

தானே புயலும் பொங்கலும்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கடைத்தெருவில் பலகைகள் போனதைப் பற்றி யாரும் எழுதவில்லை. எண்ணெய்க் கடைப் பலகை மூன்று கடை தாண்டி, மடங்கிக் கிடந்தது. செக்கு மாட்டின் முகத்தில் ஒரு மடிப்பு. பெயிண்ட் அந்த மடிப்பில் மட்டும்தான் உதிர்ந்திருந்தது. 1986-இல் எழுதியது, நடுவில் ஒருமுறை மேல்பூச்சு மட்டும் கொடுத்திருந்தார்கள்.

மாமாவுக்கு அந்த வாரம் வந்த வேலை, அதுவரை ஒரு வருடத்தில் வந்த வேலைக்குச் சமம். கடைத்தெரு முழுக்க ஒரே நேரத்தில் பலகை வேண்டும். பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது, எல்லாருக்கும் பொங்கலுக்கு முன்னால் வேண்டும். எனாமலுக்கு அந்த அவசரம் தெரியாது. பிரைமர் இரண்டு கோட், அடிநிறம் இரண்டு கோட், எழுத்து ஒன்று, நிழல் ஒன்று. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாங்குமளவு காய ஒரு ராத்திரி வேண்டும். ஈரக்காற்று அடிக்கும் மார்கழியில் அதுவும் போதாது. காயாத அடிநிறத்தின் மேல் எழுதினால் எழுத்தின் ஓரம் அப்போதைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். நாலைந்து மாதத்தில் சுருக்கம் விழும். ஒரு பலகைக்கு ஆறு நாள், ஆக மாமாவால் அந்த இரண்டு வாரத்தில் வேலையை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினாலும் ஏழெட்டுப் பலகைக்கு மேல் முடியாது.

நான் அப்போது ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கரண்ட் இல்லை. முதலாளி ஜெனரேட்டர் வைத்து மெஷினை ஓட்டினார். காலையில் சொன்னால் மாலையில் பலகை. இருபது சதுர அடி, அடிக்குப் பன்னிரண்டு ரூபாய், இருநூற்று நாற்பது ரூபாய். மாமா அதே பலகைக்கு மூவாயிரம் சொல்லியிருந்தார், தகரம் சேர்த்து. எண்ணெய்க் கடைக்காரர் செய்ததில் எனக்குக் குறையே தெரியவில்லை. புயலில் கூரையும் போய், சரக்கும் நனைந்த மனிதர் அவர்.

ஃப்ளெக்ஸ் மலிவாக இருந்ததால்தான் போர்டு எழுதுகிறவர்கள் போனார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் நான் பார்த்தது வேறு. விலை வித்தியாசம் தானேவுக்கு முன்னாலும் இருந்தது. அப்போதும் கடைக்காரர்கள் ஃப்ளெக்ஸைத் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும்தான் வைத்தார்கள், கடைக்குத் தகரம்தான் என்று இருந்தார்கள். அந்தப் பதினைந்து நாளில் தெருவே ஃப்ளெக்ஸுக்கு மாறியது. தற்காலிகமாக என்று சொல்லித்தான் மாட்டினார்கள். மாட்டியதை எடுக்கவில்லை. எனாமல் காயும் நேரம்தான் மாமாவைத் தோற்கடித்தது.

நான் செய்த பலகை

அந்த முதல் ஃப்ளெக்ஸை நான் எப்படிச் செய்தேன் என்று இப்போது நினைவுபடுத்திப் பார்க்கிறேன். கோரல்டிரா மென்பொருளில் எட்டுக்கு இரண்டரை என்று ஒரு பெட்டி. பாமினி எழுத்துருவில் அடித்தேன். பாமினியில் நாம் அடிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திவிடும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை நழுவிவிடும். முதல் தடவை எங்கள் மெஷின் இருந்த கணினியில் இந்தப் பலகை இப்படித்தான் திறந்தது:

```
nrf;F vz;nza; Miy
```

ஓட்டுகிறவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர், அதனால் பிடித்துவிட்டார். அதிலிருந்து Ctrl+Q கொடுத்து எழுத்தை வெறும் கோடாக மாற்றித்தான் அனுப்புவேன். கோடாக மாறிவிட்டால் எந்தக் கணினியிலும் அதேபோலத் திறக்கும். ஆனால் இந்தப் பிழை கண்ணில் படுகிற பிழை. திரையிலேயே தெரிந்துவிடுவதால் யாரும் இதைத் தெருவுக்கு அனுப்புவதில்லை. நான் செய்த மற்ற நான்கு தவறுகள் திரையில் தவறாகவே தெரியவில்லை.

2023-இல் மாமா டீக்கடை வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இத எங்க உக்காந்துடா செஞ்ச?” என்று கேட்டார். கடையில், கம்ப்யூட்டரில் என்றேன். “அது எவ்ளோ பெருசு?” ஒரு முழம் இருக்கும் என்றேன். “எவ்ளோ தூரத்துல உக்காந்துப்ப?” அதுவும் ஒரு முழம்தான். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் புள்ளி. நான் எழுத்தைத் தடித்த எழுத்துருவில் போட்டு, அதற்கு மஞ்சள் விளிம்பு கொடுத்து, அதற்குமேல் கறுப்பு நிழலும் கொடுத்திருந்தேன். திரையில் எடுப்பாக இருந்தது. ஆனால் விளிம்பு எழுத்தைச் சுற்றி வெளியே வளரும், புள்ளியைச் சுற்றியும் வளரும். இரண்டும் வளர்ந்தால் நடுவில் இருக்கிற இடைவெளி மறைந்துவிடும். ‘ண்’ணில் புள்ளிக்கும் தலைக்கோட்டுக்கும் நடுவில் அச்சில் இருந்தது அரைக்கால் அங்குலம்கூட இல்லை. நாற்பதடி தள்ளி நிற்கிற கண்ணுக்கு அது ஒரு தடித்த ண, அவ்வளவுதான். மாமா எழுதிய பலகையில் புள்ளி எழுத்துருவில் இருப்பதைவிட ஒரு மடங்கு பெரிதாக இருக்கும், தலைக்கோட்டிலிருந்து புள்ளியின் அகலத்துக்குத் தள்ளி நிற்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். அது பக்கத்தில் பார்ப்பதற்காக எழுதியதில்லை.

இரண்டாவது கொம்பு. இதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. ‘எண்ணெய்’யில் முதல் ண்-ணுக்கும் இரண்டாவது ண-வுக்கும் நடுவில் ஒற்றைக் கொம்பு நிற்கிறது. கணினி அதற்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடைவெளி விட்டிருந்தது. புத்தகத்தில் பத்துப் பாயிண்ட் அளவில் படிக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆறு அங்குல எழுத்தாகப் பெருக்கியதும் இடைவெளியும் பெருகி, கொம்பு யாருக்கும் சொந்தமில்லாமல் நடுவில் நின்றது. “கொம்பு பின்னாடி வர்ற எழுத்தோட பொண்டாட்டிடா. முன்னாடி இருக்கறவன்கிட்டயும் அதே தூரத்துல நிக்க வச்சா எப்படி?” என்றார் மாமா. அவர் எழுதும்போது கொம்பை அதன் எழுத்தோடு ஒட்டினாற்போல் வைத்து, முந்தின எழுத்திலிருந்து ஒரு பங்கின் பாதியாவது தள்ளி வைப்பார். படிக்கிற கண் எங்கே வெட்டிப் படிக்க வேண்டும் என்று அந்த இடைவெளி சொல்லிவிடும். தமிழில் ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் வந்து நின்று எழுத்துக்குப் பின்னால் ஒலிக்கிறவை. அதனால் இந்த வேலை தமிழுக்கு அதிகம் தேவைப்படுகிறது.

மூன்றாவது, இழுத்தது. பெட்டியில் இடம் மிச்சமிருந்தது என்று மூன்று சொல்லையும் சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பியிருந்தேன். எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவர் அபூர்வம். இழுத்தால் நிற்கிற கோடு தடிக்கும், படுக்கிற கோடு அப்படியே இருக்கும். ண-வின் சுழிகள் அமுங்கின முட்டை மாதிரி ஆகிவிடும். இப்படி இழுபட்ட எழுத்தை அடையாளம் காண ஒரு வழி உண்டு: ட-வைப் பாருங்கள். அதன் நிற்கும் கோடும் படுக்கும் கோடும் ஒரே தடிமனுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் யாரோ இழுத்திருக்கிறார்கள்.

நிறம் போவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலுக்கு முதலில் போகும், நீலமும் கறுப்பும் தங்கும். சிவப்பு என்பது அந்த இரண்டும் சேர்ந்ததுதான் என்பதால் சிவப்புப் பலகை வெளிறிச் சோர்ந்துபோகிறது. கிழக்கே பார்த்த கடை என்றால் இன்னும் சீக்கிரம். மாமாவின் எனாமல் சிவப்பும் மங்கத்தான் செய்தது, நியாயமாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் வாத்தியார் காலத்திலேயே எழுத்தை அடர்ந்த காவிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காவி இரும்புத் துருவின் நிறம், வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை.

பழுப்புத் தாள்

ஐந்தாவது ஃப்ளெக்ஸ் வேண்டாம், மாமாவே எழுதட்டும் என்று நான் சொன்னேன். முதலாளியின் மகனும் சம்மதித்தார். மாமாதான் ஒப்பவில்லை. “கை நிக்கல” என்றார். வீட்டில் ஒரு தகரத் துண்டில் எழுதிக் காட்டினார். இடது கையில் குச்சியைப் பிடித்து, அதன்மேல் வலது மணிக்கட்டைத் தாங்கி, ஆ-வின் நீண்ட வளைவை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் தெரியும். பாதி வளைவில் பிரஷ் நடுங்கியது. ஓரம் பல் பல்லாக வந்தது. துணியை எடுத்துத் துடைத்துவிட்டார்.

ஆனால் சாக்பீஸில் அவர் எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரே மூச்சு வேண்டாம், அழித்து அழித்துத் திருத்தலாம். அங்கிருந்துதான் யோசனை வந்தது. பழுப்புத் தாளை ஒட்டி எழுபத்திரண்டு அங்குலமாக்கி, சுவரில் அடித்து, மாமா அதில் முழு அளவுக்கு வரையட்டும். நான் அதைப் படம் பிடித்துக் கணினியில் கோடாக்கி, வினைல் ஸ்டிக்கரில் வெட்டி, ஏ.சி.பி. என்கிற அலுமினியத் தகட்டுப் பலகையில் ஒட்டுவது. வெட்டும் மெஷினுக்கு மையில்லை. ஒரு சின்னக் கத்திதான், நிறம் ஸ்டிக்கரிலேயே இருக்கும். வெயிலுக்கு அச்சு மையைவிட நிறைய தாங்கும்.

வரைய இரண்டு நாள் ஆனது. முதல் நாள் முழுக்கப் பங்கு பிரிப்பதும், தாளைக் கழற்றி எடுத்துப்போய்க் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டுத் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பதும்தான். மூன்று இடத்தில் நின்றார். நேர் எதிரே டீக்கடை. பஸ் வரும் திசையில் அறுபது அடி தள்ளி ஒரு மின்கம்பம். அப்புறம் கடைக்கு நேர் கீழே, கழுத்தை நிமிர்த்தி. பத்தடிக்கு ஓர் அங்குல எழுத்து என்பது அவர் வாத்தியார் சொன்ன கணக்கு. அதன்படி ஆறு அங்குல எழுத்து மின்கம்பம்வரை போதும். அதற்குமேல் தெரிய வேண்டியதில்லை, பஸ்ஸில் வருகிறவர் கம்பத்தைத் தாண்டும்போதுதான் இந்தப் பக்கம் திரும்புவார் என்றார்.

கணினியில் கோடாக்குவதில் நான் சறுக்கினேன். முதலில் தானாகக் கோடாக்கும் வசதியைப் பயன்படுத்தினேன். அது சாக்பீஸின் பொடிப்பொடியான ஓரத்தை எல்லாம் நம்பி, ஒரு ண-வுக்கு நூற்றுக்கணக்கில் புள்ளி வைத்துவிட்டது. அப்படி வெட்டினால் கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கித் தயங்கிப் போகும், ஸ்டிக்கர் ஓரம் அரம் மாதிரி வரும். அழித்துவிட்டுக் கையால் கோடாக்கினேன். வளைவு திசை மாறும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி, நடுவில் எதுவும் இல்லை. ஒரு ண-வுக்கு இருபதுக்குள் முடிந்தது.

அப்புறம் வேலையைச் சுருக்கலாம் என்று முதல் ண-வை நகலெடுத்து இரண்டாவதின் இடத்தில் வைத்தேன். கணினியில் வேலை செய்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள், ஒரே எழுத்தை எதற்கு இரண்டு தடவை வரைய வேண்டும்? மாமா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மூன்று சொல்லும் வந்ததும், “ரெண்டாவது என்னுது இல்லியே” என்றார்.

தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் வரைந்ததில் இரண்டு ண-வும் ஒன்றில்லை. முதலாவது புள்ளி தாங்குவது. அதன் தலைக்கோட்டை அவர் கால் அங்குலம் தாழ்த்தியிருந்தார், புள்ளி மேலே தனியாகத் தெரிவதற்காக. தாழ்த்தியதால் சுழிகள் அமுங்கக்கூடாது என்று அவற்றை அகலத்தில் கொஞ்சம் ஒடுக்கியிருந்தார். இரண்டாவதுக்குப் புள்ளி இல்லை. அது முழு உயரத்துக்கு நின்றது, சுழிகள் விரிந்திருந்தன, கொம்பு வந்து ஒட்டும் இடது தோள் மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே எழுத்து. நகலை வைத்ததும் கொம்பு மறுபடி தனியாகிவிட்டது. இரண்டாவது ண-வை அவர் தாளிலிருந்தே மறுபடி கோடாக்கினேன்.

எழுத்துருவில் ண என்பது ஒரே ஒரு வடிவம்தான். எந்தச் சொல்லில், எந்த எழுத்துக்குப் பக்கத்தில் வந்தாலும் அதேதான் வரும். சூழலுக்குத் தக்கபடி வடிவை மாற்றுகிற வசதியை எழுத்துருவுக்குள் வைக்க முடியும், தொழில்நுட்பத்தில் தடை இல்லை. ஆனால் நாங்கள் ஃப்ளெக்ஸ் கடையில் புழங்குகிற பழைய தமிழ் எழுத்துருக்களில் அது இல்லை. பழைய துதிக்கை ‘லை’யும் அப்படித்தான். யூனிகோடில் அதற்குத் தனி இடம் கிடையாது. எழுத்துரு வரைகிறவர் விரும்பினால்தான் அந்த வடிவம் வரும்.

ஸ்டிக்கரை வெட்டி முடித்தபின் எழுத்தைச் சுற்றியிருக்கும் தேவையில்லாத பகுதியை உரித்தெடுக்க வேண்டும். அப்போது புள்ளிகள்தான் முதலில் கூட வந்துவிடும், ஒட்டும் பரப்பு அவற்றுக்குக் குறைவு. வெட்டியதில் புள்ளி மூன்று: க், ண், ய். அதில் ஒன்று கையோடு வந்து சுருண்டுவிட்டது. மாமா தானே ஊசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மற்ற இரண்டையும் சுற்றி மெதுவாக உரித்தார். அந்த வேலைக்கு அவர் கை நடுங்கவில்லை. கை மேசையில் தாங்கியிருந்தது.

வீணான புள்ளியை மட்டும் மறுபடி வெட்டினோம். பலகையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, எழுத்தை வைத்து நகர்த்திச் சரிபார்த்து, தண்ணீரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினோம். ஓரத்தில் தண்ணீர் தங்கினால் உப்புக்காற்று அங்கிருந்துதான் ஸ்டிக்கரைத் தூக்கும். இப்படிச் செய்ததில் மொத்தம் நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. ஃப்ளெக்ஸ் என்றால் அப்போதும் முந்நூறு நானூறுக்குள் முடிந்திருக்கும். முதலாளியின் மகன் கொடுத்தார். தெருவில் மற்றவர்கள் கொடுப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பலகையை ஏற்றி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ‘ஆ’வின் கீழ்ச்சுழியில் ஒரு ஓரம் தூக்கியிருக்கிறது, நகத்தால் அழுத்திவிட்டு வந்தேன். மின்கம்பத்திலிருந்து மூன்று புள்ளியும் தெரிகின்றன.

மருந்துக் கடை

நாலு கடை தள்ளி இருக்கும் மருந்துக் கடைக்காரர் அந்த எழுத்து பிடித்துப்போய், அதையே தன் கடைக்கும் கேட்டார். எனக்கு ஆசை வந்துவிட்டது. மாமாவின் எழுத்தை எழுத்துருவாகவே செய்துவிட்டால் என்ன? என்னிடம் அப்போது இருந்தது எண்ணெய்க் கடைப் பலகையின் எழுத்துகள் மட்டும். க-வும் அதன் மேல் வைக்கும் புள்ளியும் அதிலேயே இருந்தன. ம, ரு, ந், து, டை இல்லை. மாமாவை அந்த ஐந்தை மட்டும் வரையச் சொல்லலாம் என்று போனேன். மிச்சத்தை நான் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் பழுப்புத் தாளை விரித்துச் சாக்பீஸை எடுத்தார். ஆனால் நான் சொன்ன எழுத்தை வரையவில்லை. தாளின் ஓரத்தில் பங்கு போட ஆரம்பித்தார், முழுப் பெயருக்கும் சேர்த்து.

“பழைய க இருக்கே மாமா, அதையே வச்சுக்கலாமே” என்றேன்.

“அது செக்குல இருந்த க-டா” என்றார். “இதுல அது மருந்துக்குப் பின்னாடி வருது.” விரலை மடக்கிக்கொண்டே கேட்டார்: “அந்தக் கடை முன்னாடி ரோடு எவ்ளோ அகலம்? எதிர்ல நிக்க எடம் இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் பார்க்கப் போனோம்.